புது ரவுட்டரா மெஷ்ஷா: நம்ம வீட்டு வைஃபைல எங்க கோளாறு, எதுக்கு எவ்ளோ செலவு

எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க, பெரிய மெசேஜ் தான், ஆனா இத படிக்காம யாரும் எதையும் ஆர்டர் போட வேணாம். அப்பா ஆறு ஆன்டெனா வச்ச ரவுட்டர் படம் ஒண்ண பார்வர்டு பண்ணீங்க, 6,500 ரூபா. அண்ணன் ரெண்டு பீஸ் மெஷ் செட் லிங்க் அனுப்பினான், அதாவது வீட்ல ரெண்டு எடத்துல வச்சா ஒண்ணோட ஒண்ணு பேசி ஒரே வைஃபையா ஓடுற பெட்டிங்க, 8,800. ரெண்டுமே நல்ல சாமான் தான். ஆனா நம்ம வீட்ல எங்க என்ன கோளாறுன்னு பாக்காம வாங்குனா காசும் போயி அண்ணி ரூம்ல நெட்டும் வராம இருக்கும். அதனால பொங்கல் லீவுக்கு தஞ்சாவூர் வந்தப்ப லேப்டாப்ப தூக்கிட்டு ரூம் ரூமா போயி பாத்துட்டேன். தம்பி பிரண்டு வீட்லேந்து ஒரு மெஷ் செட்டும், பக்கத்து வீட்லேந்து ஒரு பெரிய ஆன்டெனா ரவுட்டரும் இரவல் வாங்கி மாட்டியும் பாத்தாச்சு. யாருக்கு என்ன தொந்தரவோ அந்த தலைப்ப பாத்து படிச்சா போதும், ஆனா விலை பத்தி பேசுறவங்க முழுசா படிச்சுட்டு பேசுங்க.

மொதல்ல ஒரு விஷயம்: லைன் சரியா இருக்கா

எந்த தொந்தரவா இருந்தாலும் மொத வேல இது தான். வைஃபைய விட்டுட்டு லேன் வயர நேரா பைபர் பெட்டில சொருகி, லேப்டாப்ல வைஃபைய ஆப் பண்ணிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடணும். நம்மளுது 100 எம்பிபிஎஸ் பிளான், வயர்ல 94 வருது, காலைலயும் அதே, ராத்திரி ஒம்போது மணிக்கு 91. 94 ஏன் 100 இல்லன்னு அப்பா கேப்பீங்க, 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியா வந்தா டேட்டாவோட சேந்து வர்ற தலைப்பு தகவல்லாம் போக கைக்கு கெடைக்கறது அவ்ளோ தான், அது குறை இல்ல. ஒருவேள நாளைக்கு 200 பிளானுக்கு மாறியும் வயர்ல 94 லயே நின்னா அப்ப தான் யோசிக்கணும், போர்ட் பழசா இருக்கும், இல்ல லேன் வயர்ல எட்டு கம்பில நாலு தான் ஒழுங்கா தொடுது, 100 க்கு நாலு கம்பி போதும், ஆனா அதுக்கு மேல போக எட்டும் வேணும்.

இன்னொண்ணு பிங் பாக்கணும். லேப்டாப்ல Command Prompt ங்கற கருப்பு விண்டோவ தெறந்து இந்த ரெண்டையும் ஒண்ணு ஒண்ணா அடிங்க:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

மொத வரி நம்ம வீட்டு பெட்டி வரைக்கும் போயிட்டு வர்ற நேரம், ரெண்டாவது வெளில இன்டர்நெட்டு வரைக்கும் போயிட்டு வர்றது. இந்த ரெண்ட வச்சு யார் மேல தப்புன்னு தெளிவா சொல்லிரலாம். மொதல்லயே நேரம் தாறுமாறா இருந்தா கோளாறு வீட்டுக்குள்ள, வைஃபைல. மொதல்லது 2, 3ன்னு சுத்தமா இருந்து ரெண்டாவது மட்டும் எகிறுனா கோளாறு வெளில, லைன்காரங்க பக்கம், அப்ப லட்ச ரூபாய்க்கு மெஷ் வாங்குனாலும் ஒண்ணும் ஆகாது, கம்ப்ளெயின்ட் தான் பண்ணணும். நம்மளுக்கு வயர்ல மொதல்லது 1, ரெண்டாவது 12 மில்லிசெகண்டு, ஒண்ணு கூட தொலையல. பைபர் பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்துல உள்ள வர்ற ஒளியோட அளவு -21 டிபிஎம்னு காட்டுது, -8 லேந்து -27 க்குள்ள இருந்தா சரி, அதனால கேபிளும் நல்லா இருக்கு. ஆக லைன்காரர திட்டுறத நிப்பாட்டலாம், கோளாறு நம்ம செவுத்துக்குள்ள.

மாடி பின் ரூம்: கோடு காட்டுது, ஆனா எதுவும் ஓட மாட்டேங்குது

இது அண்ணியோட தொந்தரவு, மீட்டிங்ல மூஞ்சி உறைஞ்சு போயிருது, குரல் ரோபோ மாதிரி வருது. போன்ல ரெண்டு கோடு மூணு கோடு சிக்னல் இருக்கே அப்பறம் ஏன்னு அண்ணி கேட்டாங்க. அந்த கோடு என்னன்னா, ரவுட்டர் பேசுறது போனுக்கு எவ்ளோ கேக்குதுன்னு மட்டும் தான். போன் பேசுறது ரவுட்டருக்கு கேக்குதான்னு அது சொல்லாது. ரவுட்டர் கரண்ட்ல ஓடுது, பெரிய ஆன்டெனா இருக்கு, சத்தமா பேசும். போன் பேட்டரில ஓடுது, அது அனுப்புற பவர் ரொம்ப கம்மி, கான்கிரீட் தளம் தாண்டி கீழ வர்றப்ப சத்து போயிருது. மீட்டிங்னா ரெண்டு பக்கமும் பேசணும், அதனால தான் யூடியூப் எப்படியோ ஓடுறப்பவும் மீட்டிங் மட்டும் கட் ஆகுது.

கோட நம்பாம நம்பர பாக்கணும். ஆண்ட்ராய்டுல இலவச வைஃபை அனலைசர் ஆப் எதாவது ஒண்ணு போட்டா டிபிஎம் காட்டும். அது மைனஸ்ல இருக்கும், பூஜ்யத்துக்கு கிட்ட இருந்தா நல்லது, பத்து கொறைஞ்சா சிக்னல் பத்துல ஒரு பங்கா போச்சுன்னு அர்த்தம். வீடியோ கால் நிம்மதியா ஓட -67 க்கு மேல வேணும்னு வச்சுக்கோங்க. ஹால்ல -42, படிக்கட்டு திரும்புற எடத்துல -66, மாடி ஹால்ல -72, அண்ணி டேபிள்ல -83. அதாவது ஹால்ல கெடைக்கறதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு தான் அண்ணிக்கு போகுது. நம்ம பெட்டி 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல பேசும், இது 2.4 கணக்கு. 5 ஜிகாஹெர்ட்ஸ் அங்க கண்ணுக்கே தெரியல, அது வேகமானது ஆனா செவுரு தாண்டுறதுல சோம்பேறி, நம்மளுது ஒம்போது இஞ்ச் செங்கல் செவுரு, மேல கம்பி கட்டுன ஆர்சிசி தளம், அதையும் சாய்வா தாண்டணும்னா இன்னும் கனம் கூடுது.

அண்ணி டேபிள்ல ஸ்பீடு 5 லேந்து 7 எம்பிபிஎஸ். மீட்டிங்குக்கு 3, 4 போதுமேன்னு தம்பி சொன்னான், சரி தான், ஆனா ஸ்பீடு இங்க பிரச்சனையே கெடையாது. நம்ம பெட்டி வரைக்கும் போற பிங் 4 லேந்து 380 வரைக்கும் ஊஞ்சலாடுது, அம்பதுல ஏழு எட்டு திரும்பியே வரல. மீட்டிங் சாகுறது அதனால தான்.

என்னென்ன மாத்தி பாத்தேன்னு வரிசையா சொல்றேன், போன் அதே போன், எடம் அதே அண்ணி டேபிள், கதவு சாத்தி, மொபைல் டேட்டாவ ஆப் பண்ணி. மொபைல் டேட்டா ஆன்ல இருந்தா வைஃபை சொதப்புறப்ப போன் சத்தமில்லாம 4ஜிக்கு தாவிரும், டெஸ்ட்ல சூப்பரா காட்டும், நாம ஏமாந்துருவோம்.

மொதல்ல காசே செலவில்லாதது. பைபர் பெட்டி டிவிக்கு பின்னாடி, இரும்பு பீரோவுக்கு பக்கத்துல ஒளிஞ்சிருந்துச்சு. அத எடுத்து எதிர் செவுத்து ஷெல்ப்புல ஒசரமா வச்சேன், பைபர் வயரு அதுவரைக்கும் எட்டுச்சு. பைபர மடிக்காதீங்க, உள்ள கண்ணாடி, விரல் மொத்தத்துக்கு வளைச்சாலே ஒளி கசிஞ்சு போயிரும், பெரிய வட்டமா சுத்தி விட்டிருக்கேன் அத யாரும் தொடைக்கிறேன்னு இழுக்க வேணாம் அம்மா. இதனால -83 வந்து -79 ஆச்சு, ஸ்பீடு 10 க்கு வந்துச்சு. முன்னேற்றம் தான், ஆனா போதாது.

அடுத்து பக்கத்து வீட்டு பெரிய ஆன்டெனா ரவுட்டர். வைஃபை 6, நாலு ஆன்டெனா. அதே ஷெல்ப்புல வச்சா அண்ணி டேபிள்ல -77, ஸ்பீடு 14. 5 ஜிகாஹெர்ட்ஸ் ஒரு கோடு எட்டி பாத்துச்சு, -88, கனெக்ட் ஆகி ஆகி விழுந்துச்சு. அப்பா, ஆன்டெனா எண்ணிக்கை கூடுனா தூரம் கூடும்னு விளம்பரம் பாத்தா தோணும். ரவுட்டர் எவ்ளோ பவர் விடலாம்னு அரசாங்க வரம்பு இருக்கு, அது 2,000 ரூபா ரவுட்டருக்கும் 20,000 ரூபா ரவுட்டருக்கும் ஒண்ணு தான். கூடுதல் ஆன்டெனா நெறைய டிவைஸ சமாளிக்க, ஒரே டிவைஸுக்கு பல வழியா டேட்டா அனுப்ப உதவும், போன் பேசுறத கொஞ்சம் நல்லா கேக்கவும் உதவும், அதனால தான் 10 லேந்து 14 ஆச்சு. ஆனா தளத்த அது ஒடைக்காது.

அடுத்து மெஷ். இங்க தான் சுவாரசியம். ரெண்டாவது பீஸ எங்க வைக்கறோம்கறதுல தான் எல்லாமே இருக்கு. எல்லாரும் பண்றது மாதிரி நெட் வராத ரூம்லயே, அண்ணி டேபிள் பக்கத்துல வச்சா போன்ல புல் கோடு, -40, பாக்கவே அழகா இருக்கு, ஆனா ஸ்பீடு 11. ஏன்னா அந்த பீஸும் கீழ இருக்கற பீஸோட காத்துல தான் பேசுது, அதே ரூம்லேந்து அதே தளத்த தாண்டி. அண்ணி போனுக்கும் அந்த பீஸுக்கும் நடுவுல பிரச்சனை இல்ல, அந்த பீஸுக்கும் கீழ இருக்கறதுக்கும் நடுவுல அதே பழைய பிரச்சனை. அத தூக்கி படி ஏறுன ஒடனே மாடி ஹால்ல ஜன்னல் பக்கம் வச்சேன், அங்கேந்து கீழ இருக்கற பீஸ் படிக்கட்டு ஓட்டை வழியா பாதி தெரியுது. இப்ப அண்ணி டேபிள்ல 38 லேந்து 44, பிங் 12 லேந்து 25, ஒண்ணும் தொலையல. மீட்டிங்குக்கு இதுவே தாராளம். 100 ஏன் வரலன்னா, இது ரெண்டு அலைவரிசை மட்டும் இருக்கற மெஷ், அண்ணி போன்கிட்ட வாங்குனத அதே காத்துல கீழ அனுப்பணும், ஒரே நேரத்துல ரெண்டையும் செய்ய முடியாது, அதனால பாதி போயிருது. பீஸ்களுக்குள்ள பேச தனியா மூணாவது அலைவரிசை வச்ச செட்டு இருக்கு, அதுல பாதி போகாது, ஆனா அந்த விலைக்கு நான் இந்த க்ரூப்ல வாயே தெறக்க மாட்டேன்.

கடைசியா, ஒரு நீள லேன் வயர படிக்கட்டு வழியா தரைல போட்டு, அதே மெஷ் பீஸ அண்ணி ரூம்ல வச்சு வயர்ல சொருகுனேன். 91 எம்பிபிஎஸ், பிங் 3. அப்பறம் அந்த பீஸ கழட்டிட்டு அண்ணன் வீட்ல சும்மா கெடந்த பழைய ரெண்டு அலைவரிசை ரவுட்டர அதே வயர்ல சொருகுனேன். 88. வித்தியாசமே இல்ல. ஆக வேலைய செஞ்சது மெஷ் இல்ல, வயரு.

சாயங்காலம் ஆனா கீழயும் எல்லாருக்கும் மெதுவா இருக்கு

அம்மாவும் பாட்டியும் சொல்றது, ஏழு மணிக்கு மேல சீரியல் சுத்துது சுத்துதுன்னு. வயர்ல ராத்திரியும் 91 வருதுன்னு மேல சொன்னேன்ல, அதனால இது லைன் கூட்டம் இல்ல. பைபர்ல ஒரே லைன தெருவுல பல வீட்டுக்கு பிரிச்சு தான் குடுப்பாங்க, சில ஊர்ல ராத்திரி அதனாலயே நெரிசலாகும், ஆனா அப்படின்னா வயர்லயும் கொறையும். நம்மளுக்கு கொறையல.

காரணம் ரெண்டு. ஒண்ணு சின்னது: 2.4 ல சேனல் ஆட்டோல விட்டிருந்தாங்க, அது 4ல போயி உக்காந்திருந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்னு பாத்தா 1, 6, 11 மட்டும் தான், 4ல நின்னா 1 காரனோடயும் சண்ட, 6 காரனோடயும் சண்ட. தெருவுல எல்லாரும் வேலேந்து வந்து வைஃபை ஓட்டுறப்ப இந்த சண்ட கூடும். நான் 1 க்கு மாத்தி அகலத்த 20 மெகாஹெர்ட்ஸ்ல நிறுத்தி வச்சிருக்கேன், 40 வச்சா வேகம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தனி பங்களாவுல இருந்தா சரி.

ரெண்டாவது காரணம் தான் பெருசு, யாரும் எதிர்பாக்கல. மாடில அண்ணி ரூம்ல இருக்கற டேப்லெட்டு தான் கீழ பாட்டி சீரியல நிறுத்துது. வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர் தான் பேச முடியும். சிக்னல் நல்லா இருக்கறவங்க படபடன்னு பேசி முடிச்சு எடத்த விடுவாங்க. -83 ல இருக்கற டிவைஸு ரொம்ப மெதுவா தான் பேச முடியும், தொலைஞ்சத திருப்பி திருப்பி அனுப்பும், அதே அளவு டேட்டாக்கு பத்து மடங்கு நேரம் புடிச்சுக்கும், நம்ம மேல வீதி சந்துல முன்னாடி மாட்டு வண்டி போனா பின்னாடி புது கார் வந்தாலும் வண்டி வேகத்துல தான் போகணும்கற கணக்கு. நம்பலன்னா இத செஞ்சு பாருங்க, மாடில டேப்லெட்டுல படம் ஓடவிட்டு கீழ சமையக்கட்டுல 2.4 ல டெஸ்ட் போட்டா 14, மேல அந்த டேப்லெட்டு வைஃபைய ஆப் பண்ணிட்டு போட்டா 38. பாட்டிக்கும் அண்ணிக்கும் ஒரே வைத்தியம் தான்னு இதுல தெரிஞ்சுது. மாடிக்கு தனியா பக்கத்துல ஒண்ணு வச்சா, கீழ இருக்கறது தானா குணமாயிரும்.

ஹால் டிவி, பெட்டிக்கு பக்கத்துலயே இருந்தும் சுத்துது

இதுக்கு எதுவும் வாங்க வேணாம். டிவி 2.4 ல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. பெட்டிலேந்து டிவிக்கு ஒரு லேன் வயர் சொருகிட்டேன், வீட்ல கெடந்தது தான். டிவி போர்ட்டு பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் தான் இருக்கும், பரவால்ல, 4கே படத்துக்கே 25 இருந்தா தாராளம். டிவி காத்த விட்டு வயருக்கு போனா மத்தவங்களுக்கும் காத்துல எடம் கெடைக்கும்.

படி ஏறுறப்ப கால் கட் ஆகுது

தம்பி வாட்ஸ்அப் கால் பேசிட்டே மொட்டை மாடிக்கு போவான், கட் ஆகும், மெஷ் வாங்குனா சரியாகும்னு அண்ணன் சொன்னான். பாதி உண்மை. எந்த பெட்டிய புடிக்கறதுன்னு முடிவு பண்றது போனு, ரவுட்டர் இல்ல. ஐபோன் -70 க்கு கீழ போற வரைக்கும் பழசயே புடிச்சு தொங்கும், ஆண்ட்ராய்டுல போனுக்கு போன் மாறும். மெஷ் போனுக்கு பக்கத்துல இன்னொண்ணு இருக்குன்னு எடுத்து சொல்லும், அதனால தாவுறது சீக்கிரம் நடக்கும். ரெண்டு சாதா பெட்டி ஒரே பேரு ஒரே பாஸ்வேர்டுல வச்சா போன் அதுவா தான் கண்டுபுடிக்கணும், நான் பாத்தப்ப ஒரு ரெண்டு செகண்டு குரல் நின்னு திரும்பி வந்துச்சு, கால் கட் ஆகல.

கட் ஆகுறது எப்பன்னா, மேல வச்ச ரவுட்டர் தனி நெட்வொர்க்கா நின்னா. அப்ப போனுக்கு ஐபி முகவரியே மாறிரும், கால் கட் ஆயிரலாம். ரவுட்டர வாங்கி அப்படியே WAN னு போட்ட நீல போர்ட்டுல சொருகி விட்டா இது தான் நடக்கும், நெட் வரும், அதனால யாருக்கும் தெரியாது. மாடிக்கு போயி போன் வைஃபை விவரத்துல ஐபிய பாருங்க, கீழ இருக்கறப்ப 192.168.1 ன்னு ஆரம்பிச்சா மேலயும் அதே மாதிரி ஆரம்பிக்கணும். மேல 192.168.0 ன்னு இருந்தா செட்டிங் தப்பு. இது மெஷ்ஷுக்கும் பொருந்தும், பைபர் பெட்டி ஏற்கனவே ஒரு ரவுட்டர், அதுக்கு பின்னாடி மெஷ் இன்னொரு ரவுட்டரா நின்னா டிவிய போன்லேந்து புடிக்க முடியாது, பிரிண்டர் தெரியாது, அந்த மாதிரி புரியாத தொந்தரவெல்லாம் வரும்.

வாசல் கேமரா அடிக்கடி ஆப்லைன் ஆகுறதும் இதோட சேத்தி தான் கேட்டாங்க. அது 2.4 மட்டும் தெரிஞ்ச சாமான், பழைய வகை பாதுகாப்பு தான் புரியும், யாராவது செட்டிங்ஸ்ல WPA3 மட்டும்னு மாத்தி வச்சா அது உள்ள வராது. WPA2ல விட்டுருங்க.

சரி செலவு

கடைல கேட்டதும் ஆன்லைன்ல பாத்ததும் சேத்து போட்டிருக்கேன், நூறு இருநூறு முன்ன பின்ன இருக்கலாம்.

அப்பா அனுப்புன ஆறு ஆன்டெனா ரவுட்டர் 6,500. கீழ வச்சா அண்ணிக்கு 14 கெடைக்கும், பிங் ஆட்டம் கொஞ்சம் கொறையும், போகாது. இரவல் வாங்குனத விட இது கொஞ்சம் ஒசத்தியா இருக்கலாம், ஆனா தளம் அதே தளம்.

அண்ணன் சொன்ன மெஷ் 8,800. இதுல எல்லாரும் மறக்கற ஒரு செலவு இருக்கு, கரண்டு. கீழ பைபர் பெட்டி இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு, ஆனா மாடில இன்வெர்ட்டர் லைன் பேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் தான், பிளக் பாயின்டுக்கு கெடையாது. கரண்டு போனா மேல பீஸ் செத்துரும், அண்ணி மீட்டிங்கும் சேந்து போயிரும். அதனால ரவுட்டருக்குன்னே விக்கிற சின்ன யூபிஎஸ் ஒண்ணு வேணும், 1,500. அது வாங்குறப்ப அடாப்டர்ல என்ன வோல்ட் என்ன ஆம்பியர்னு பாத்து வாங்கணும், பெரும்பாலும் 12 வோல்ட் தான், ஆனா சில மெஷ் பீஸ் வேற வோல்ட்ல வருது, அதுக்கு இந்த யூபிஎஸ் ஒத்துவராது. ஆக மொத்தம் 10,300, அண்ணிக்கு 40.

வயர் இழுக்கற வழி: அஞ்சு வருஷம் முன்னாடி டிஷ் கனெக்ஷன் எடுத்தப்ப மொட்டை மாடிலேந்து ஹாலுக்கு செவுத்துக்குள்ள பைப் போட்டாங்களே, அது அண்ணி ரூம் செவுரு வழியா தான் போகுது, நடுவுல ஒரு பெட்டியும் இருக்கு. டிஷ்ஷ நிறுத்தி ரொம்ப நாளாச்சு, உள்ள பழைய கேபிள் சும்மா கெடக்கு. அதோட நுனில புது லேன் வயர கட்டி மறுபக்கம் இழுத்தா வந்துரும், எலக்ட்ரீஷியன் அண்ணன கூட்டிட்டு வந்து காட்டுனேன், செவுரு ஒடைக்க வேணாம்னுட்டார். கரண்டு வயர் போற பைப்புல மட்டும் லேன் வயர விடக்கூடாது, இது தனி பைப், பிரச்சனை இல்ல. மொட்டை மாடில வெட்டவெளியா வயர் போட்டா வெயில்ல தோல் உரிஞ்சிரும், இடி இறங்குனா பெட்டியும் போயிரும், உள்ளயே போறது தான் நல்லது. தூரம் 22 மீட்டர், லேன் வயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும்.

கேட்6 வயர் 25 மீட்டர் வாங்குனா மீட்டர் 30 ன்னு 750. இதுல சுத்த காப்பர்னு கேட்டு வாங்கணும், பாதி விலைக்கு அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசுனது குடுப்பாங்க, நுனிய பிளேடால சொரண்டி பாத்தா உள்ள வெள்ளையா தெரியும், அது சீக்கிரம் ஒடையும், ஒரு தடவ பைப்புக்குள்ள போனத திரும்ப எடுக்கறது கொடும. நுனி கனெக்டரு கிளிப்பு 150, எலக்ட்ரீஷியன் கூலி 800. மேல வைக்க ஒரு சாதா ரெண்டு அலைவரிசை ரவுட்டர் 2,300. இது வரைக்கும் 4,000. யூபிஎஸ் 1,500 சேத்தா 5,500, அண்ணிக்கு 88 க்கு மேல.

மெஷ்ஷும் வேணும் வயரும் வேணும்னா, அந்த 2,300 சாதா ரவுட்டர விட்டுட்டு மெஷ், வயர் வேல, யூபிஎஸ் எல்லாத்தையும் கூட்டுனா 12,000 வரும். அதுல கூடுதலா கெடைக்கறது தம்பி படி ஏறுறப்ப அந்த ரெண்டு செகண்டு. அதுக்கு 6,500 ரூபா அதிகம்னு எனக்கு தோணுது, தம்பி குடுக்கறான்னா வாங்கிக்கலாம்.

அண்ணன் ஒண்ணு சொல்லிடறேன், நீ உன் சென்னை வீட்டுக்கு மெஷ் வாங்குனது சரி தான், வாடகை வீடு, செவுத்துல ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார், ஒரே தளம், ரெண்டு பீஸும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கற மாதிரி வைக்கலாம். அங்க அது தான் வழி. இங்க சொந்த வீடு, பைப் ஏற்கனவே இருக்கு.

மாட்டுறப்ப தம்பி இத மட்டும் பாரு

புது ரவுட்டர வயர்ல சொருகறதுக்கு முன்னாடி லேப்டாப்போட தனியா கனெக்ட் பண்ணி செட்டிங்ஸ்ல Operation Mode போயி Access Point தேர்ந்தெடு. அந்த ஆப்ஷன் இல்லாத மாடல்னா அதோட ஐபிய 192.168.1.2 ன்னு மாத்து, DHCPய ஆப் பண்ணு, கீழேந்து வர்ற வயர நீல போர்ட்டுல சொருகாம மத்த போர்ட்டுல சொருகு. பேரு, பாஸ்வேர்டு கீழ இருக்கறதோட எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். 2.4 சேனல் கீழ 1, மேல 11. 5 ஜிகாஹெர்ட்ஸ்ல கீழ 36, மேல 149. அப்பறம் அண்ணி டேபிள்ல லேப்டாப்ப வைஃபைல போட்டு மேல சொன்ன மொத பிங்க அடி, எல்லாம் பத்துக்குள்ள இருந்து ஒண்ணும் தொலையலன்னா முடிஞ்சுது. முடியல, 300 ன்னு வருதுன்னா லேப்டாப் இன்னும் கீழ இருக்கற பெட்டியவே புடிச்சிட்டு இருக்கும், இத அடிச்சு Channel என்னன்னு பாரு:

```
netsh wlan show interfaces
```

1 அல்லது 36 ன்னு காட்டுனா கீழ பெட்டி, வைஃபைய ஒரு தடவ ஆப் பண்ணி ஆன் பண்ணு, 11 அல்லது 149 க்கு வந்துரும். வந்தும் தினமும் கீழயே தாவுதுன்னா கீழ பெட்டில 2.4 பவர ஒரு படி கொறைக்கற ஆப்ஷன் இருக்கானு பாரு.

அப்பா, அண்ணி, ரெண்டு பேரும் சரின்னு சொன்னா எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாயித்துக்கிழம காலைல வர்றேன்னுருக்கார், மீட்டிங் இல்லாத நாளா பாத்து சொல்லிருக்கேன். தம்பி, கடைல காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரவுட்டர் பெட்டியோட பின்பக்கத்த போட்டோ எடுத்து இங்க போடு, போர்ட்டுக்கு நேரா வெறும் 10/100 ன்னு இருந்தா வேணாம், 10/100/1000 ன்னு இருக்கறத கேளு, 300 ரூபா கூட ஆனாலும் பரவால்ல, அடுத்த வருஷம் பிளான் ஏத்துறப்ப திரும்ப வாங்க வேண்டியதில்ல.